சிறு மாற்றங்களுடன்

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது, சிறுமலை வாழை இலையிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் முறையைப் புதிதாக வந்த முதுகலை மாணவிக்குப் படிப்படியாக எழுதித் தரச் சொன்னார்கள். ஆதாரம் எங்கள் பேராசிரியரின் கட்டுரை. அதில் செய்முறை ஒரே வரிதான்: "வழக்கமான முறை, சிறு மாற்றங்களுடன்."

வழக்கமான முறையில் செய்து பார்த்தேன். டிஎன்ஏ வரவில்லை; குழாயின் அடியில் காப்பிப்பொடி நிறத்தில் ஏதோ படிந்தது. மாற்றம் என்னவென்று பேராசிரியரிடம் கேட்டேன்.

"லேபுல நிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதானம்மா," என்றார். அவர் லேபில் நின்று நான் பார்த்ததே இல்லை.

அந்தக் கட்டுரைக்கான வேலையை உண்மையில் செய்த பழைய மாணவர் வடமதுரையில் உரக்கடை வைத்திருந்தார். போனில் பிடித்தேன்.

"வாழை இலை கறை விடும்லம்மா. அதப் பிடிச்சு வைக்க, இலையக் கரைக்கிற பஃபர்ல ரெண்டு சதவீதம் பிவிபி பொடி போடணும். எழுதித்தான் குடுத்தேன். கட்டுரைக்கு இம்புட்டு எதுக்குன்னு அவருதான் கோடு போட்டு அடிச்சுட்டாரு."

அவர் சொல்லச் சொல்ல, அடிக்கப்பட்டதையெல்லாம் திரும்ப எழுதினேன். பிவிபி கலந்த பஃபரை அறுபத்தைந்து டிகிரிக்குச் சூடாக்கி வை. குளோரோஃபார்ம் சேர்த்தபின் குழாயைக் குலுக்காதே, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்து. மையவிலக்குக் கருவியில் சுழற்றியபின் மேல் திரவத்தை மட்டும் எடு, நடுவிலுள்ள படலத்தைத் தொடாதே. டிஎன்ஏ திரள அதில் குளிர்ந்த ஐசோபுரோப்பனாலைச் சேர்.

அந்த முதுகலை மாணவி தாளைப் பார்த்தபடியே செய்தாள். வெள்ளை நூலாக டிஎன்ஏ திரண்டது. பேராசிரியர் வந்து குழாயைத் தூக்கிப் பார்த்தார்.

"என் பேப்பர்படி செஞ்சா வராம எங்க போகும்?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரிடமிருந்து குழாயை வாங்கி ஐஸில் வைத்தேன்.