விலங்கு செல்லில் ஓர் இடைவெளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குத் தாவரவியல் ஆசிரியையாக மாறுதலில் போனபோது, முதல் மாதத் தேர்விலேயே அந்தக் கோபத்துக்கு வேலை வந்தது. தாவர செல்லையும் விலங்கு செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வேறுபாடுகளைக் காட்டு என்று ஒரு கேள்வி கொடுத்திருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு.

தாவர செல் எல்லோருக்கும் அம்சமாக வந்திருந்தது. வெளியே தடித்த செல் சுவர், அதையொட்டி உள்ளே செல் சவ்வு, நடுவில் குளம் மாதிரி பெரிய வாக்குவோல், அது தள்ளித் தள்ளி ஓரத்துக்குப் போன நியூக்ளியஸ், பச்சையாகப் பசுங்கணிகங்கள். எனக்கே பொறாமையாக இருந்தது. விலங்கு செல்லுக்கு வந்தால் அத்தனை பேருடைய படத்திலும் வலது பக்கம் கீழே சவ்வு அறுந்து கிடந்தது. கோடு வட்டமாக வந்து, அந்த இடத்தில் நின்று, கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கியது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினாலும் இப்படி அச்சு மாறாமல் வராது.

"ஏலே, இது என்ன, எலி கடிச்சிருச்சா?" என்று வகுப்பில் கத்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து, "சார் அங்கன விட்டிருக்காக மிஸ்," என்றாள்.

எந்த சார், எங்கே விட்டார் என்று கேட்டதற்கு என்னை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார்கள். நான் அதுவரை அந்த அறைக்குள் போனதில்லை. எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் திடீரென்று இறந்துவிட்டார், அந்த இடத்துக்குத்தான் நான் வந்திருக்கிறேன் என்று மட்டும் தெரியும்.

சுவர் முழுக்க இரண்டு படங்கள். பெயிண்டில் ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார் மனிதர். இடது பக்கம் தாவர செல் முழுதாக முடிந்திருந்தது. வலது பக்கம் விலங்கு செல். சென்ட்ரியோல்கள், மைட்டோகாண்ட்ரியா, சின்னச் சின்ன வாக்குவோல்கள், நடுவில் நியூக்ளியஸ் எல்லாம் போட்டு, கடைசியாகச் சவ்வைச் சிவப்பில் இழுத்துக்கொண்டு வந்தவர், ஒரு கையகலம் மிச்சம் இருக்கும்போது நிறுத்தியிருந்தார். கீழே ஸ்டூலும், விறைத்துப்போன பிரஷ் கிடந்த டப்பாவும் அப்படியே இருந்தன.

ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பின்போது பிள்ளைகள் பார்க்கப் பார்க்கத்தான் வரைந்துகொண்டிருந்தாராம். நெஞ்சைத் தடவிக்கொண்டு பிரஷை டப்பாமேல் வைத்தாராம். "செத்த உக்காந்துட்டு வாரேன்" என்று வெளியே போனவர் தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

அட பாவமே என்று இருந்தது. ஆனாலும் பாவத்துக்கு மார்க் போட முடியாதே. சவ்வு இல்லாத செல் எது, சொல்லுங்கள் பார்ப்போம் என்று மறுநாள் வகுப்பில் பிடித்துக்கொண்டேன். சரியாகச் சொன்னார்கள். சவ்வு இரண்டுக்கும் உண்டு, செல் சுவர்தான் தாவரத்துக்கு மட்டும். எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்ப்பது சவ்வு. அறுந்து கிடந்தால் உள்ளே இருப்பது கொட்டிப்போகும், செல் செத்துப்போகும். எல்லாம் மணி மணியாக வந்தது. சரி, வரையுங்கள் என்றேன். நான் மேசைக்கு மேசை போய்ப் பார்க்கிறேன், கோட்டை முழு வட்டமாக இழுத்துவிட்டு, ரப்பரை எடுத்து அந்த இடத்தை மட்டும் அழிக்கிறார்கள்!

"பொதுத்தேர்வுப் பேப்பர் வேற மாவட்டத்துக்குப் போகும். திருத்துற வாத்தியாருக்கு உங்க சாரைத் தெரியுமா? படம் தப்புன்னு கோடு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பாக," என்றேன். செத்தவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் போட்டுப் பயனில்லை, சுவரில் அந்த இடைவெளியை மூடினால்தான் இவர்கள் கையும் மூடும் என்று எனக்குப் புரிந்தது. ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்டும் பிரஷும் வாங்கிவந்தேன். தலைமையாசிரியர் மட்டும், "டீச்சர், அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க," என்றார்.

அந்தம்மா என்றது இறந்தவரின் மனைவியை. அதே பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தினமும் ஆய்வகத்துக்கு வருவார். அந்த இடைவெளியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அழ மாட்டார். மணி அடித்ததும் போய்விடுவார்.

நான் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"வேணாம் டீச்சர். மத்ததெல்லாம் என்ன வேணா செய்ங்க. அதை மூடிறாதீக. அவுக கை அங்கனதான் நிக்குது."

"பிள்ளைக பரீட்சையிலயும் அப்படியே போடுதுக்கா."

"தெரியும். நானும் சொல்லிப் பாத்துட்டேன்." குரலைத் தாழ்த்தி, "தெனம் கனவுல வாராக டீச்சர். வாசல்லயே நிக்கிறாக. உள்ள வாங்கங்கேன், வரமாட்டேங்கிறாக. போகவும் மாட்டேங்கிறாக. அதை மூடிட்டா அதுவும் இல்லாமப் போயிருமோன்னு பயமா இருக்கு," என்றார்.

நான் கனவு, ஆவி எதையும் நம்புகிறவள் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த அறையில் சுவருக்கு முதுகு காட்டி என்னால் உட்கார முடியவில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஸ்லைடு தயார் செய்துகொண்டிருப்பேன். அந்த மூலையில் டர்பன்டைன் வாடை அடிக்கும். டப்பாவோ என்றோ காய்ந்துபோனது. அந்தக் கையகல வெள்ளையிலிருந்து ஏதோ கசிந்துகொண்டே இருப்பதாகத் தோன்றும். கிறுக்குப் பிடித்துவிட்டதா உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பிள்ளைகள் அறைக்குள் வரும்போது முதலில் சுவரைப் பார்த்துத்தான் "வணக்கம் சார்" என்றார்கள். எனக்கு வணக்கம் அதற்குப் பிறகுதான். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. செய்முறைக்காக ஒருநாள் வெங்காயம் வேண்டியிருந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து அக்காவே இரண்டு வெங்காயம் கொண்டுவந்தார். செதிலின் உள்பக்கத் தோலை உரித்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து, "பாருங்கக்கா," என்றேன். சும்மாதான் சொன்னேன்.

குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஆத்தாடி! செங்கல் அடுக்கினாப்புல இருக்கு. இத்தனை வருசமா இதையா அரிஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

"அதுதான் செல் சுவர். செடிக்கு எலும்பா இருக்கு, நிக்கிறதுக்கு? உள்ள வாக்குவோல்ல தண்ணி நெறஞ்சு சுவரை முட்டித் தள்ளும். அந்த விறைப்புலதான் தண்டும் இலையும் நிமிந்து நிக்குது. தண்ணி கொறைஞ்சா கீரை துவண்டு போகுதுல்ல, அது இதுனாலதான்."

"பச்சையைக் காணமே? சுவத்துல பச்சை பச்சையா போட்டிருக்காகளே."

"வெங்காயம் மண்ணுக்குள்ள கெடக்கிறது. வெயில் படாத எடத்துல சமையல் எப்படி? பசுங்கணிகம் இலையில இருக்கும்."

அவர் நிமிராமல், "நம்ம செல்லு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் அவர் கன்னத்தின் உள்பக்கம் லேசாகச் சுரண்டி எடுத்தேன். ஸ்லைடில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடி மூடி வைத்துக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று என்னென்ன தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டம் கிடையாது, ஒழுங்கான வடிவம் கிடையாது, நடுவில் நீலமாக நியூக்ளியஸ், சுற்றி மெல்லிய ஒரு விளிம்பு.

"இது என்னோடதா?"

"உங்களோடதுதான்."

"சுத்தி ஒத்தைக் கோடுதான் இருக்கு. சுவரு இல்லையே. ஏன் நமக்கு மட்டும் வைக்கல?"

"வச்சிருந்தா கையை மடக்க முடியுமாக்கா? நெஞ்சு சுருங்கி விரியுமா? செடி நின்ன எடத்துலயே சாப்பாடு செஞ்சுக்குது, அதுக்குச் சுவர் ஒத்துவரும். நம்ம தேடிப் போய்த் திங்கணும், நடக்கணும், வளையணும். அதுக்கு இந்த மெல்லிசுதான் தோது. ஆனா ஆபத்தும் அதுலதான். செடி செல்லைத் தண்ணியில போட்டா உப்பும், சுவர் புடிச்சுக்கிரும். நம்ம ரத்த செல்லை வெறும் தண்ணியில போட்டா உப்பி வெடிச்சிரும். நம்மளுக்கு இந்த ஒரு கோட்டை விட்டா வேற காவல் இல்ல."

அவர் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"அப்ப இது தொறந்து கெடந்தா உசுரு தங்காதா டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊரில் ஆயிரம் பேர் அவருக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள், நானும் ஒன்று சொல்லியிருக்கலாம்.

"தங்காதுக்கா," என்றேன்.

"அவுகளுக்கு இது தெரியுமே. நாந்தான் தெரியாம..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மணி அடித்தது. அன்று போகவில்லை. "நீங்க வாங்கி வச்ச பெயிண்டு இருக்கா?" என்று கேட்டார்.

நான் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அடுத்த பாடவேளைக்குப் பிள்ளைகள் வந்து வாசலில் கும்பலாக நின்றுவிட்டார்கள். சுவரைப் பார்த்து யாரும் வணக்கம் சொல்லவில்லை. அக்கா ஸ்டூலை நகர்த்தவில்லை. கீழ்ப்பக்கம்தானே, நின்றே எட்டினார். புது பிரஷைச் சிவப்பில் தோய்த்து, கோடு நின்ற இடத்தில் வைத்தார். முன் பெஞ்சுப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

ஒரே இழுப்பில் வரவில்லை. கொஞ்சம் இழுத்தார், நின்றார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார், மறுபடி இழுத்தார். கோடு கோட்டோடு போய் ஒட்டியது. பெயிண்ட் ஒரு இடத்தில் வழிந்ததைச் சுண்டுவிரலால் துடைத்தார். யாரோ ஒரு பையன் விசும்பும் சத்தம் கேட்டது. நான் அதட்டவில்லை.

பிரஷை என்னிடம் கொடுத்துவிட்டு, ஈரமான அந்தச் சிவப்புக்கு நேராக நின்றார். ஆள் எதிரே நிற்பதைப் போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"போங்க," என்றார்.

போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.