மேனேஜர் சொல்லை அழித்தவர்

முத்திருளன் எண்பத்து நாலில் சமயநல்லூர்ப் பக்கத்து நூல் மில்லில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். மேலே உள்ளவர் எழுதியதில் சேர்க்கலாம், ஒரு சொல்லைக்கூட அழிக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். டைப் மிஷின் போய் மெயில் வந்த பிறகும் அது அவரை விடவில்லை. காரணம் சொல்லும் இங்கிலீஷ் வரியை 'பிகாஸ்' என்று தொடங்கி, நடுவில் அவர் 'சோ' போட்டால், சூப்பர்வைசர் பக்கத்திலேயே 'தேர்ஃபோர்' சேர்ப்பார். மேனேஜர் தன் பங்குக்கு ஒரு 'ஹென்ஸ்' போடுவார். மூன்றுக்கும் 'ஆகவே' என்று ஒரே பொருள்தான்.

மில் தொழிலாளி பாண்டியம்மாள் மாமியாரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு வராததற்கும், ஹெட் ஆபீசுக்கு அப்படித்தான் விளக்கம் போனது. "சுற்றி வளைத்த சாக்கு. சாயங்காலத்துக்குள் காரணத்தைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் பாண்டியம்மாளுக்கு வேலை இல்லை" என்று பதில் வந்தது.

"ஏண்ணே, மாமியா படுத்துக் கெடந்ததைச் சொல்ல இம்புட்டு இழுக்கணுமா?" என்று முத்திருளனிடம் கேட்டாள் பாண்டியம்மாள்.

"ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டோம், தாயி."

"கொழம்புக்கு ஆளாளுக்கு உப்பப் போட்டா எவன் திங்கிறது?"

முத்திருளன் மேனேஜரின் 'ஹென்ஸ்'ஸை அழித்தார். 'தேர்ஃபோர்' போனது. தொடக்கத்திலேயே 'பிகாஸ்' நிற்க, தன்னுடைய 'சோ' எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டு அனுப்பினார். மாமியாருக்கு உடம்புக்கு முடியாததால் வரவில்லை என்ற ஒரே வரிதான் போனது.

நாலரைக்குப் பதில் வந்தது. பாண்டியம்மாள் நாளை வரலாம்.

மேனேஜர் திரையைப் பார்த்தார். "என் வார்த்தையக் காணோமே, முத்திருளன்?"

"என் வார்த்தையும் போச்சு, சார்" என்றார் அவர்.