கையைத் தூக்கிப் பார்த்த ஜாக்கெட்

ஒருவரிடம் ஒன்றைக் கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. பஸ்ஸில் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் தையல் கடை நடத்துகிறேன் என்றால், அதற்குக் காரணம் என் அண்ணி.

தெஹியோவிட்டவிலிருந்து றப்பர் தோட்டத்துக்குப் பிரியும் வழியில், தேத்தண்ணிக் கடையை ஒட்டிய சின்ன அறைதான் எங்கள் கடை. இரண்டு மெஷின். வெட்டுவதும் தைப்பதும் பெரும்பாலும் நான். அளவு எடுப்பதும் பேசுவதும் அண்ணி. பள்ளிக்கூடச் சட்டை, கிழிந்த பாவாடை, சுருக்க வேண்டிய கால்சட்டை என்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் கடை நிற்பதற்கு அது போதாது. சாரிக்குப் போடும் ஜாக்கெட் வர வேண்டும். அது வரவில்லை.

அந்த வருஷம் அண்ணி பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் அவிசாவளையிலிருந்து அடிக்கடி போன் பண்ணுவார். "தீபாவளி வரைக்கும் பாப்போம் புள்ள. ஜாக்கெட் வந்தா இருக்கேன். வரலைன்னா போறேன்" என்று அண்ணி சொல்லியிருந்தார். அவர் போனால் கடையும் இல்லை. வாசலில் வருபவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது.

எங்களிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்களில் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் முக்கியமானவர். முதல் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தபோது, கரும்பலகையில் எழுதுவதுபோல் வலது கையை மேலே தூக்கி, காற்றில் ஒரு கோடு இழுத்தார். "இழுக்கலையே!" என்று சிரித்தார். அக்குளில் துணி பிடிக்காமல் இருக்க நான் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்திருந்தேன். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்து, வராத தைரியம் எனக்கு வந்துவிட்டது. அண்ணி அப்போது நூல் வாங்கப் போயிருந்தார்.

"டீச்சர்... இதப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கவா? ஃபேஸ்புக்குல போட. எல்லாருகிட்டயும் சொல்லுங்க டீச்சர், நாங்க நல்லா தைக்கிறோம்னு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். கண்ணூறு பட்டுவிடும் என்று பயப்படும் மாமியார், மனைவியின் படம் யார் போனிலோ கிடப்பதைப் பிடிக்காத புருஷன், எல்லாம் அந்தப் பதிலுக்குள் இருந்தது. அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் யாராவது வந்திருப்பார்கள்.

சில நாள் கழித்து அண்ணி காலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது, விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒங்க டீச்சர் எனக்கு முன் சீட்டுல. பக்கத்துல சிங்களப் பள்ளிக்கூடத்து டீச்சர் நோனா. ஜாக்கெட் நல்லா இருக்கே, எங்க தைச்சதுன்னு அவங்க கேக்குறாங்க. இவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? அவிசாவளைப் பக்கமாம்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நம்ம தையல் பிடிக்கலையா அண்ணி?"

"லூசு! பிடிக்காமலா பொய் சொல்றாங்க? நம்மள ஒளிச்சு வச்சிருக்காங்க. போன தீபாவளிக்கு டவுன்ல தைச்சவரு, கூட்டம் சேர்ந்ததும் இவங்க ஜாக்கெட்ட தீபாவளி முடிஞ்சப்புறம் குடுத்தாராம். அவங்களே எங்கிட்ட சொன்னது. இங்கயும் கூட்டம் சேர்ந்தா தன்னோடது பிந்திரும்னு பயம்."

இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றும் எனக்கு ஆச்சரியம். நான் என் தையலில் குறை தேடிக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பெண்ணின் பயத்தைப் பார்த்திருந்தார்.

டீச்சர் அடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்த அன்று அண்ணி கடையிலேயே இருந்தார். போட்டுப் பார்த்து, பழையபடி கையைத் தூக்கிக் கோடு இழுத்து, "அப்பாடா" என்று டீச்சர் சொல்லும்வரை வாயே திறக்கவில்லை. பிறகுதான் ஆரம்பித்தார்.

"டீச்சர், ஒன்னு கேக்கவா? முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லுங்க. ஜாக்கெட் இப்ப மாதிரியேதான் தைப்போம்."

"கேளுங்க."

"மொதல்ல ஒன்னு சொல்லிர்றேன். ஒங்க தீபாவளி துணிய இந்த வாரமே குடுங்க. அத வெட்டிட்டுத்தான் மத்ததத் தொடுவோம். யாரு வந்தாலும் ஒங்களுக்கு அப்புறம்தான்."

டீச்சரின் தோள் இறங்குவதை நான் மெஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

"பஸ்ஸுல ஒங்க பக்கத்துல உக்காருவாங்களே, அந்த சிங்கள டீச்சர். அவங்க ஒருத்தருக்கு மட்டும் நம்ம கடையச் சொல்லுவீங்களா? நீங்களா போய்ச் சொல்ல வேணாம். ஜாக்கெட்டப் பத்தி அவங்க பேச்செடுத்தா இந்தத் துண்டுச் சீட்டக் குடுத்துருங்க, போதும்."

கடை இருக்கும் இடமும் போன் நம்பரும் சிங்களத்தில் எழுதிய ஒரு சின்னச் சீட்டு. டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. "அவங்ககிட்ட நான்..." என்று இழுத்தார். பஸ்ஸில் அவர் சொன்ன பொய் தன் காதில் விழுந்ததை அண்ணி முகத்தில் காட்டவே இல்லை. "ஒருத்தர் போதும் டீச்சர். கூட்டம் எங்களுக்கும் வேணாம்" என்றார். டீச்சர் சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"இப்ப கையத் தூக்கிப் பாத்துட்டு என்னமோ சொன்னீங்களே, அத அப்படியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடலாமா? ஒங்க பேரு வேணாம், மொகம் வேணாம். ஜாக்கெட்ட ஹேங்கர்ல மாட்டிப் படம் எடுப்போம். 'ஒரு டீச்சர் சொன்னாங்க'ன்னு மட்டும்."

"என்ன சொன்னேன்? அப்பாடான்னேன்."

மூவரும் சிரித்தோம். பிறகு அவரே யோசித்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அண்ணி போனில் தட்டினார். 'போர்டுல எழுதக் கையத் தூக்குனா இழுக்கல. ஒரு தடவ நாள் பிந்துச்சு, ஆனா முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க.'

நான் அண்ணியின் முதுகில் தட்டி, முதல் ஜாக்கெட் பிந்திய அந்த வரியை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். அண்ணி எடுக்கவில்லை. அனுப்புவதற்கு முன் முழுவதையும் வாசித்துக் காட்டினார். டீச்சர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் போட்டார். டீச்சர் போனதும் என்னைத் திட்டினார். "வெறும் புகழ்ச்சியா போட்டா நாமளே எழுதுனதுன்னு நெனைப்பாங்க புள்ள. அதோட அவங்க வாயால சொன்னத நம்ம மாத்தக் கூடாது."

அடுத்த வாரம், அண்ணி இல்லாத நேரம் பார்த்து, சிங்கள டீச்சர் வாசலில் வந்து நின்றார். கையில் அதே சீட்டு. "நங்கி, டீச்சர் எவ்வே" என்றார், தங்கச்சி, டீச்சர் அனுப்பினார் என்று. என்ன பேசுவது என்று தெரியாமல் மெஷினை விட்டு எழுந்தேன். ஆனால் நான் பேச வேண்டியது எதுவும் மீதி இருக்கவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து நீட்டிவிட்டு, அவரே கையை மேலே தூக்கிக் காற்றில் ஒரு கோடு இழுத்தார். எனக்கு விளங்கிவிட்டது. அளவு நாடாவை எடுத்தேன்.

அவர் மூலம் இன்னும் இருவர் வந்தார்கள். ஸ்டேட்டஸைப் பார்த்து தோட்டத்துப் பெண்கள் சிலர். "பிந்துனா போன் பண்ணுவீங்களாமே?" என்று கேட்டுத்தான் துணியைக் கொடுத்தார்கள். தோட்ட டீச்சரின் தீபாவளி ஜாக்கெட்டை, சொன்னபடி, எல்லாவற்றுக்கும் முன்னால் தைத்து மாட்டி வைத்தோம். இப்போது நானும் கேட்கிறேன். குனிந்த தலையோடுதான். "முடியாதுன்னா சொல்லிருங்க" என்று ஆரம்பித்தால், மற்றது எப்படியோ வந்துவிடுகிறது.

தீபாவளிக்கு முந்திய வாரம் அண்ணியின் போன் அடித்தது. ஏஜென்ட். அண்ணி வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி ஒரு பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, எடு என்று கண்ணைக் காட்டினார்.

எடுத்தேன். "பாஸ்போர்ட் ரெடிதானே?" என்றது அந்தக் குரல்.

"அவங்க வரலைங்க" என்றேன். "ஜாக்கெட் அளவெடுத்துக்கிட்டு இருக்காங்க."

அண்ணி குண்டூசிகளை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார்.