பிளேடால் சுரண்டிய கோடு

கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாட்களில், தென்காசியில் ஒரு மிளகு கமிஷன் மண்டியில் குமாஸ்தாவாக இருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். பிறகு சர்க்கார் வேலை கிடைத்தது. எந்தக் கோப்பில் எந்த மையால் எழுத வேண்டும் என்று முப்பது வருஷம் பிறரைத் திருத்திவிட்டு ஓய்வு பெற்றேன். ஆகவே விதி தெரியாமல் தப்பு செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. நான் மீறிய விதி நானே எழுதி வைத்தது.

தினமும் மாலையில் கொச்சியிலிருந்து மிளகு விலை தந்தியில் வரும். அதை ஒரு நோட்டில் பதிவது என் வேலை. பம்பாய்த் தரகர் ஒருவர் அனுப்பிய சுற்றறிக்கையில் ஜிக்ஜாக் கோடு என்று ஒன்றைப் பற்றிப் படித்தேன். விலை தினமும் ஏறி இறங்கும்; அத்தனையையும் வரைந்தால் காகிதத்தில் எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். அதற்குப் பதிலாக, ஒரு சதவீதத்தை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் பத்து சதவீதம் வைத்தேன். ஏறிய விலை தன் உச்சியிலிருந்து பத்து சதவீதம் இறங்கினால்தான் அது திருப்பம். அதற்குக் குறைவான அசைவுகள் கோட்டில் சேராது.

நான் வரைந்ததையே சொல்கிறேன். மூட்டை இருநூறு ரூபாயில் கிளம்பி இருநூற்று நாற்பது வரை ஏறியது. அந்த நாற்பதுதான் உச்சி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. விலை இருநூற்றுப் பதினாறுக்கு இறங்கிய பிறகுதான், அதாவது பத்து சதவீதம் விழுந்த பிறகுதான், மூன்று வாரம் பின்னால் போய் அந்த நாளில் உச்சி என்று புள்ளி வைக்கலாம். அங்கிருந்து கீழே வரும் கடைசிக் கோடு மட்டும் நிலையில்லாதது. விலை இருநூற்றுப் பத்து ஆனால் அதன் நுனியை அங்கே இழுக்க வேண்டும். இருநூற்று நான்கு ஆனால் மறுபடியும் அழித்து அங்கே. எதிர்த்திசையில் பத்து சதவீதம் திரும்பும்வரை அதற்கு முடிவு கிடையாது. அதனால் கோடு வரைந்த அட்டையின் மூலையில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன்: உறுதியான கோடுகள் மையில், கடைசிக் கோடு பென்சிலில்.

முதலாளிக்கு இது வேடிக்கை.

"ஏலே, நேத்து மழை பெஞ்சதுன்னு இன்னைக்குச் சொல்லுத ஜோசியன்லா நீ," என்பார். "உன் கோடு போன மாசத்துக்கு ரொம்பச் சரியா இருக்கு."

அவர் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. என்னைவிட நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்.

குற்றாலத்தில் ஐந்தருவி போகும் வழியில் எட்டு அறை கொண்ட லாட்ஜ் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரருக்கு மலையடிவாரத்தில் மிளகுத் தோட்டமும் உண்டு. அந்த வருஷம் காய்ந்த மிளகு முழுவதையும் எங்கள் மண்டியில் இருப்பு வைத்திருந்தார். விற்ற பணத்தில் லாட்ஜின் கூரையைப் பிரித்து, உளுத்த கைமரங்களை மாற்றி, சீமை ஓடு போட வேண்டும். சாரல் விழுந்து குற்றாலச் சீசன் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும். அந்த இரண்டு மாதக் கூட்டம்தான் அவருக்கு வருஷம் முழுவதும் சோறு.

ஒருநாள் அவர் என் மேஜைக்கு வந்து அட்டையைப் பார்த்தார். உச்சிகளும் பள்ளங்களும் துல்லியமாக அந்தந்த நாளில் குத்தி நின்றன.

"இது எல்லாம் நீங்க அன்னன்னைக்கே போட்டதா தம்பி?"

"ஆமா" என்று நான் சொல்லவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இத்தனை வருஷத்தில் நான் வேறு அர்த்தம் கண்டுபிடிக்கவில்லை.

விலை இருநூற்று நான்கு வரை விழுந்து, அங்கிருந்து இருநூற்றுப் பதினாறுக்கு ஏறியிருந்த வாரம் அது. பள்ளம் உறுதியாக வேண்டுமானால் இருநூற்று இருபத்து நான்கு ரூபாய் நாற்பது காசு வர வேண்டும். எனக்குத் தெரியும், ஓரத்தில் கூட்டி வைத்திருந்தேன்.

"இப்ப வித்துரலாமா? ஆசாரி தேதி கேட்கான்."

நான் பேனாவை எடுத்தேன். இருநூற்று நான்கில் மையால் ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து மேல் நோக்கி மையிலேயே கோடும் இழுத்தேன். "பள்ளம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. பொறுங்க."

ஒரு மனிதர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான் காரணம்.

விலை இருநூற்று இருபத்திரண்டு வரை போனது. அன்றைக்கு மாலை அவர் மண்டிக்கே வந்து, "மை பொய் சொல்லலே" என்று எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். மறுநாள் விலை இறங்கியது. ஒரு வாரம் கழித்து இருநூற்று நான்குக்குக் கீழே போனது. நூற்றெண்பதில் நின்றது.

விதிப்படி இப்போது என்ன செய்ய வேண்டும்? இருநூற்று நான்கு பள்ளமே இல்லை. ஏற்றம் பத்து சதவீதத்தை எட்டாததால் இருநூற்று இருபத்திரண்டும் உச்சி இல்லை. இருநூற்று நாற்பதிலிருந்து நூற்றெண்பது வரை ஒரே நேர்கோடு, அதுவும் பென்சிலில். மைக்கு ரப்பர் ஆகாது. எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து சவர பிளேடால் வட்டத்தையும் ஏறுகோட்டையும் சுரண்டினேன். நேர்கோட்டைப் போட்டேன். அட்டை குறையில்லாமல் இருந்தது.

சாரலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் நூற்று எண்பத்திரண்டுக்கு எல்லா மூட்டையையும் விற்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேஜைக்கு வந்தார். சண்டைக்கு அல்ல.

"அந்த இருநூத்து இருபத்திரண்டு எங்கன இருக்கு தம்பி? ஒருக்கா பாத்துட்டுப் போறேன்."

அட்டையைக் காட்டினேன். நேர்கோடு அவர் முன்னால் சரிந்து கிடந்தது.

"இதுல இல்லையே."

"பத்து சதவீதம் வரலைன்னா அது கோட்டுல வராது அண்ணாச்சி. அஞ்சு சதவீதம்னு வச்சு வரைஞ்சா அது ஒரு உச்சியா நிக்கும். அதுவும் அன்னைக்கே தெரியாது. இருநூத்துப் பத்துச் சொச்சத்துக்கு இறங்கின பிறகுதான்…"

சொன்னது ஒவ்வொன்றும் சரி. அவர் கேட்டுக்கொண்டே விரலைக் கோட்டின் மேல் வைத்து நகர்த்தினார். சுரண்டிய இடத்தில் விரல் நின்றது. அங்கே காகிதம் பஞ்சாகிக் கிடந்தது. விரலை முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஓட்டினார். பிறகு மூலையில் நான் எழுதியிருந்ததைப் படித்தார். எழுத்துக்கூட்டி, மெதுவாக.

"அப்ப அன்னைக்கு நீங்க பென்சில்லதான் போட்டிருக்கணும்," என்றார்.

"ஆமா."

அந்த ஒரு வார்த்தையைத்தான் உண்மையாகச் சொன்னேன். அதுவும் கேட்டபிறகு. அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஜோசியன் என்று கூப்பிடவில்லை.

அந்தச் சீசனில் மண்டிக்கு வந்த கொச்சி வியாபாரி ஒருவரை குற்றாலத்துக்குக் கூட்டிப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் லாட்ஜைத் தவிர வேறு எதிலும் இடமில்லை. அங்கே எட்டு அறையில் மூன்றுக்குத்தான் சீமை ஓடு ஏறியிருந்தது. மற்ற ஐந்தில் தென்னங்கிடுகை மேலே பரப்பி, கீழே வாளி வைத்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்க வந்தவர்கள் அந்த அறைகளில் காய்ந்த துண்டு கிடைக்காமல் முனகிக்கொண்டிருந்தார்கள்.

ஓடு போட்ட மூன்றில் ஒன்றை அவரே திறந்துவிட்டார். வியாபாரியிடம், "தம்பி படிச்சவர், நம்ம மண்டி," என்று என்னை அறிமுகம் செய்தார். பிறகு என்னிடம், "இது ஒழுகாது. நீங்களும் இங்கனயே படுத்துக்கிடுங்க," என்றார்.

அவர் குரலில் குத்தலைத் தேடினேன். இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். பக்கத்து அறையில் வாளி நிறைவது கேட்டது. யாரோ எடுத்துக் கொட்டிவிட்டு வந்து வைத்தார்கள். நான் அந்த ஒழுகாத அறையில்தான் படுத்தேன்.