புகை இல்லாத கொட்டில்

எங்கள் வளவின் வேலியோரம் ஒரு ஓலைக் கொட்டில் நிற்கிறது. என் மனைவி சனி, ஞாயிறுகளில் அதற்குள்ளே காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி விற்கிறாள். உரும்பிராயில் நல்ல கூழ் குடிக்க ஆட்கள் எங்கே போவார்கள் என்று கேட்டால் எங்கள் வாசல் படலையைக் காட்டுவார்கள். கூழின் ருசி பாதிதான் காரணம். மீதி அந்தக் கூரை. பங்குனி வெயிலில் தகரத்தின் கீழ் இருந்து சுடச்சுடக் கூழ் குடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பனையோலையின் கீழ் இருந்தால் இரண்டாவது சிரட்டைக்கும் கை நீளும்.

நான் முப்பது வருசம் காப்புறுதி விற்றவன். ஆகையால் நெருப்பைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது எரிந்த பிறகு எங்கே கையெழுத்து வாங்குவது என்பது மட்டும்தான். ஓலைக் கூரை போட்ட ஒரு கட்டடத்தையும் நான் காப்புறுதி செய்ததில்லை. செய்ய விடமாட்டார்கள்.

ஒரு ஆடி மாதம், சோளகக் காற்று பிடுங்கி அடித்த பின்னேரம், பக்கத்துத் தோட்டத்தில் சருகு கொளுத்தினார்கள். கைவிரல் நீளத்தில் எரியும் ஓலைத்துண்டு ஒன்று பறந்து வந்து எங்கள் கூரையில் குந்தியது. நான் கத்தியதில் அயலட்டை முழுக்க ஓடி வந்தது. துண்டு தானாகவே அணைந்துவிட்டது. நான்தான் அணையவில்லை.

ஆவணியில் கூரை வேய வேண்டியிருந்தது. வேய்கிறவர் பண்டத்தரிப்புப் பக்கத்து ஆள், என்னிலும் பத்து வயது இளையவர், வாய் மட்டும் மூத்தது. வெட்டி அடுக்கிக் கல்லேற்றித் தட்டையாக்கிய ஓலையோடு வந்து, தாழ்வாரத்திலிருந்து மேல்நோக்கி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் கட்டினார். பழுதான சில கம்புகளையும் மாற்றினார்.

அவர் இறங்கியதும் நான் ஏறினேன். வெண்காரமும், கரம் போர்ட்டில் தூவும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்து, வெங்காயத்துக்கு மருந்தடிக்கும் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, கூரையின் வெளிப்பக்கம் முழுக்க அடித்தேன். பொறி வெளியில் இருந்துதானே வரும்? மிஞ்சிய கரைசலில் ஒரு ஓலையைத் தோய்த்துக் காயவைத்து, மனைவிக்கு முன்னால் தீக்குச்சியைப் பிடித்தேன். ஓலை கருகியதே ஒழிய கொழுந்துவிடவில்லை. மந்திரவாதிபோல நின்றேன்.

"கெட்டித்தனம்தான். கையைச் சுட்டுப்போடாதேங்கோ," என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். உள்ளேயிருந்த அடுப்பையும் கிளப்பி, பத்தடி தள்ளிச் சாய்த்துப் போட்ட ஒரு தகரப் பத்திக்குக் கீழே வைத்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கூழ்ப்பானையை வெளியிலிருந்து தூக்கிவரும் வேலையை நானே செய்வதாகச் சொன்னதால் சும்மா இருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் விடாமல் அடித்தது. தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு, மானிப்பாயிலிருந்து வழக்கமாக வரும் ஒருவர் சிரட்டையை உற்றுப் பார்த்தார்.

"அக்கா, உதென்ன, மிளகுத்தூள் புதுசாய்ப் போடுறியளோ?"

நிமிர்ந்து பார்த்தோம். கம்புகளில் ஊசித்துளைகள். அவற்றிலிருந்து மாப்போல உளுத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. ஓலையின் உட்பக்கம் பூஞ்சணம் பிடித்திருந்தது. தொட்ட இடம் விரலோடு வந்தது. அன்றைக்கு மிஞ்சிய கூழை மனைவி மாட்டுக்கு ஊற்றினாள். அடுத்த வாரம் வந்தவர்கள் பாதிப்பேர்.

வேய்ந்தவரைக் கூப்பிட்டேன். அவர் கூரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"அடுப்பு எங்கையண்ணை?"

"வெளியிலை வைச்சிருக்கிறன். நெருப்புக்குப் பயம்."

"அப்ப கூரைக்குச் சாப்பாடு ஆர் குடுக்கிறது? புகையும் சூடும் இல்லாட்டி மழைக்கு நனைஞ்ச ஓலை எப்பிடி உள்ளாலை காயும்? வண்டுக்கும் நல்ல வீடு. புகை பிடிச்ச குசினிக் கூரையெண்டால் மூண்டு மாரியும் பார்க்கும், நாலும் பார்க்கும். உது ஒண்டோடை சரி."

"நான் மருந்தடிச்சனான்!" என்றேன். வீரம் பேச வேண்டாமா? கூரையிலிருந்து ஓர் ஓலையை உருவி நெருப்புக் காட்டினேன். அது பொங்கல் அடுப்புப் போலக் கொழுந்துவிட்டு எரிந்தது. தண்ணீரில் கரைத்து அடித்தது தண்ணீரோடே போயிருந்தது. இதை யோசிக்கப் படிப்பே வேண்டாம். குடை பிடிக்கத் தெரிந்தால் போதும்.

"நல்லாய் அடிச்சிருக்கிறியள்," என்றார் வேய்கிறவர். "கிணத்தடி வாழைக்கு."

மனைவி சிரிக்கவில்லை. "வருசா வருசம் வேய எனக்கு ஏலாது. தகரம் போடுவம். இல்லாட்டி கடையை நிப்பாட்டுவம்," என்றாள். தகரம் போட்டால் கடை தானாக நின்றுவிடும் என்பது மூவருக்கும் தெரியும்.

"அடுப்பை உள்ளை வைக்கலாம். ஆனா பொறி?" என்றேன் வேய்கிறவரிடம். "அதுக்கு நீ என்ன சொல்லுறாய்?"

"பொறிக்கு நான் என்னத்தைச் சொல்ல? அது உங்கடை தொழில்," என்று அவர் கைவிரித்தார்.

வழி சொன்னவள் மனைவிதான். "அடுப்புக்கு மேலை ஒரு தகரத்தைக் கம்பியிலை தூக்குவம். பொறி அதிலை முட்டி விழட்டும், புகை சுத்திப் போகட்டும். உங்களுக்குத் தகரமும் ஆச்சு, எனக்கு ஓலையும் ஆச்சு."

அப்படியே செய்தோம். ஓலையையும் உளுத்த கம்புகளையும் மறுபடியும் மாற்றினோம். அடுப்புக்கு நேர் மேலே உட்பக்கத்தில் களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசினோம். கரி படிந்து தொங்கினால் அதுவும் பற்றும் என்பதால் அதைத் தட்டிவிட ஒரு நீளத் தும்புத்தடி. தாழ்வாரத்தில் தண்ணீர் வாளிகள். எரிகிற ஓலையை இழுத்து விழுத்த ஒரு கொக்கத்தடி. வெளியே ஓலைக்கு இனி ஒரு மருந்தும் இல்லை. அயலவருக்கு ஒரு விண்ணப்பம் மட்டும்: சோளகம் வீசும்போது சருகு கொளுத்தாதேங்கோ.

முதல் சனிக்கிழமையே சோதனை வந்தது. அடுப்பிலிருந்த தேங்காய்ப் பொச்சு திடீரென்று பற்றி, நெருப்பு பானையைத் தாண்டி எழுந்தது. பொறிகள் தகரத்தில் முட்டி மழைபோலக் கொட்டின. நான் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி, கவனமாகக் குறிபார்த்து, கூழ்ப்பானைக்குள் ஊற்றினேன். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூழ் ரசமானது.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. கடை வாரத்தில் இரண்டு நாள்தானே? மற்ற ஐந்து நாளும் கூரைக்குப் புகை வேண்டும். மனைவிக்கு அந்த நாட்களில் தோட்ட வேலை. வீட்டில் சும்மா இருக்கும் ஆள் யாரென்று பார்த்தால் ஒருவர்தான் அகப்பட்டார்.

இப்போது காலையில் தேத்தண்ணி குடித்ததும் நான் கொட்டிலுக்குப் போகிறேன். பொச்சைப் பற்றவைத்து, மேலே பச்சை வேப்பிலை போட்டு, புகை கூரையெங்கும் ஏறும்வரை பக்கத்தில் குந்தியிருக்கிறேன். கண்ணீர் வழியும். போன மாரியும் கழிந்துவிட்டது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. ஓலையின் உட்பக்கம் மண்ணிறத்தில் மினுங்குகிறது, தூளும் இல்லை.

நேற்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தெற்கு மூலைக்குப் புகை காணாது," என்றாள்.

எழும்பிப் போய் விசிறினேன்.