திங்கட்கிழமைப் பட்டியல்

மயிலாப்பூரில் தேவாலயத்தை ஒட்டிய ஓர் அறையில்தான் எங்கள் சமூக நூலகம். ஒவ்வொரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கும் கணினி தானாகவே ஒரு பட்டியல் அனுப்பும்: கெடு தாண்டிய புத்தகம், உறுப்பினர் பெயர், எத்தனை நாள் தாமதம், தொலைபேசி எண். மூன்று வாரம் தொடர்ந்து பட்டியலில் வந்தால், உறுப்பினர் அட்டைக்குப் பொறுப்பேற்றவரின் எண்ணும் சேர்ந்து வரும். போன் செய்வது என் வேலை.

பட்டியலில் ஓர் ஓட்டை இருந்தது. ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் வாசலில் உள்ள பெட்டியில் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவற்றைத் திங்கள் மாலைதான் பதிவு செய்வோம். கணினிக்கு அது எப்படித் தெரியும்? அதனால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனை எடுப்பேன்.

அந்தத் திங்கள் பார்க்கவில்லை. எனக்குக் கோபம். ஒரே ஒரு கணக்குப் புத்தகம், குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கும் நான்கு பேர் அதற்குக் காத்திருந்தார்கள். வைத்திருந்தவள் தி.நகரில் ஒரு வீட்டில் சமையல் செய்தபடி அதே தேர்வுக்குப் படித்தவள். முதல் இரண்டு வாரமும் "இன்னும் ஒரு பாடம்தான் கீது மேடம்" என்றாள். மூன்றாவது வாரம் அவளைக் கேட்காமல், பொறுப்பேற்றிருந்த வீட்டு அம்மாளையே கூப்பிட்டேன்.

"மூணு வாரமா புத்தகத்தைத் திருப்பித் தரலை. நாலு பேர் காத்திருக்காங்க" என்றேன். நியாயம் என் பக்கம் என்ற மிதப்பு குரலில் இருந்திருக்கும்.

மாலையில் பெட்டியைத் திறந்தேன். துணிக்கடைப் பை ஒன்றில், செய்தித்தாள் அட்டை போட்டு, அந்தக் கணக்குப் புத்தகம் இருந்தது. உடனே அந்த அம்மாளுக்குப் போன் செய்து, தவறு என்னுடையது என்று சொன்னேன்.

"மத்தியானமே அவளை நிறுத்திட்டேனே" என்றார். "பெட்டில போட்டுட்டேன்னு அழுதா. நான் நம்பலை. நூலகத்துலேர்ந்தே சொல்றாங்களேன்னு நெனச்சேன். இப்போ வேற ஆளும் பேசியாச்சு."

பிறகு அவளைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் தேவலை.

"பரவால்ல மேடம். வேற வூடு தேடிக்கினு கீறேன்."

"தேர்வுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. புத்தகத்தை நீங்களே மறுபடி எடுத்துட்டுப் போங்க. காத்திருக்கறவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அட்டைக்கு அந்தம்மா பேருதானே இருந்துச்சு? இனிமே போட மாட்டாங்க."

"என் பேரைப் போட்டுக்கலாம். நான் பொறுப்பு" என்றேன் அவசரமாக.

போனில் அவள் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"வேணாம் மேடம்" என்றாள். "எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருந்தா போதும்."