நாலு மாதப் பாக்கிக்கு ஒரு கண்டிப்பான கடிதம்

மாடி வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் அலுவலகத்தில் நினைவூட்டல் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவர். பேனா பிடித்தால் புலி. நேரில் யாரையும் கேட்க மட்டும் வாய் வராது. பாலில் ஏன் இவ்வளவு தண்ணீர் என்று பால்காரரைக் கேட்பதற்குக்கூட வரைவு எழுதுகிற ஆள். தெருவில் அவருக்கு ‘நினைவூட்டல்’ என்றே பெயர்.

கீழே தெருப்பக்க அறையில் ஒரு பெண் டைப்பிங் கடை வைத்திருந்தாள். நாலு மாதமாக வாடகை வரவில்லை. தினமும் பேப்பர் வாங்கப் போகும்போது, “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்பார். மீதியை விழுங்கிக்கொண்டு மாடியேறிவிடுவார்.

அவர் மனைவிக்குக் கண்புரை. பன்னிரண்டாம் தேதி அறுவை சிகிச்சை, கையில் பணமில்லை.

“வாயத் தொறந்து கேளுங்களேன், குடியா முழுகிடும்?” என்றாள் மனைவி.

“வாயால கேட்டா ஆதாரம் இருக்காது.”

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். ஒப்பந்தப்படி ஐந்தாம் தேதிக்குள் தர வேண்டிய வாடகைப் பாக்கி, முன்பணத்தில் கழிக்கப்படாது, வரும் பத்தாம் தேதிக்குள் முழுவதும் செலுத்த வேண்டும், தவறினால் காலி செய்யச் சட்டப்படி நடவடிக்கை. நடுவே, பன்னிரண்டாம் தேதி மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்று ஒரு வரி வந்துவிட்டது. வீட்டு விஷயம் கடிதத்துக்கு ஆகாது என்று அதன்மேல் கோடு போட்டார்.

கடிதம் என்றால் டைப் ஆக வேண்டும். அந்தத் தெருவில் டைப்பிங் கடை ஒன்றுதான். மனிதர் நேராக அங்கேயே போய் வரைவை நீட்டினார்.

அவள் படித்தாள். முகம் வெளுத்தது. ஆனாலும் தொழில்காரி.

“சார், மூணு மாசம்னு போட்டிருக்கீங்க. நாலு. மார்ச்சை விட்டுட்டீங்க.”

“அப்படியா? திருத்திடும்மா.”

இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்தாள்.

“டைப்பிங் முப்பது ரூபாய் சார். பாக்கில கழிச்சுக்கிறீங்களா?”

“கூடாதும்மா, கணக்கு குழம்பிடும்.”

வாடகை கேட்கப் போனவர் முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு, காரியம் முடித்த திருப்தியோடு மாடியேறினார்.

பத்தாம் தேதி காலையிலேயே நாலு மாதப் பணமும் மாடிக்கு வந்தது. “எழுத்துக்கு இருக்கிற மரியாதையப் பாத்தியா?” என்று மனைவியிடம் மீசையை முறுக்கினார். மறுநாள் ரசீதுக்கும் ஒரு வரைவு எழுதி எடுத்துக்கொண்டு கீழே போனார்.

மேஜை காலியாக இருந்தது. கணினியும் இல்லை, பிரிண்டரும் இல்லை.

“வித்துட்டேன் சார். அம்மாவுக்கு நாளைக்குத்தானே ஆபரேஷன்?”

“உனக்கு யாரும்மா சொன்னது?”

“நீங்க கோடு போட்டிருந்த வரி சார். எல்லாத்தையும் படிச்சுத்தானே டைப் பண்ணுவோம்.”

அவர் வெறும் மேஜை முன்னால் உட்கார்ந்து ரசீதைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார். இனிமேல் என்ன செய்யப் போகிறாய், இந்த மாத வாடகையை எப்படித் தருவாய் என்று கேட்க வாய் வரவில்லை. எழுதிக் கேட்கலாமென்றால், டைப் பண்ணிக் கொடுக்கத் தெருவில் இப்போது கடை இல்லை.